தினம் ஒன்றரை லிட்டர் ஆரோக்கியம்

எங்கள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் தண்ணீரே குடிக்காத ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளர். குழாயில் வரும் நீர் கலங்கலாக இருக்கிறது, நாறுகிறது, வரவே இல்லை என்று ஊரார் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் "தங்கள் பகுதியின் நீர் குடிப்பதற்கு உகந்தது" என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து பழச்சாறு எடுத்துக் குடிப்பார். நாங்கள் அதைத் தவறாக நினைத்ததில்லை. உடம்பைப் பேணுகிற மனிதர் என்று மரியாதையாகத்தான் பார்த்தோம்.

அவருக்கு அலுவலகத்தில் டிஷ்யூ சார் என்று பெயர். யாராவது பொரித்த பண்டம் எதையாவது வாயருகே கொண்டு போனால், எங்கிருந்தோ வந்து நிற்பார். சட்டைப் பையிலிருந்து மெல்லிய காகிதம் ஒன்றை எடுத்து, பண்டத்தின் மேல் ஒத்தி, எண்ணெய் ஊறிய காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவார்.

"பாருங்க. அந்தப் பக்கம் இருக்குற ஜன்னல் தெரியுதா? இதேதான் நாளைக்கு உங்க ரத்தக் குழாய்ல படியப்போகுது."

ஜன்னல் தெரியும். பசியும் போய்விடும். அவருக்கு அடுத்த மேஜையில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கு, மனம் நிறையச் சாப்பிட்ட ஒரு மதிய உணவுகூட நினைவில் இல்லை. கடைசியில் கதவு மூடிய பதிவேட்டு அறையில், பழைய கோப்புகளுக்கு நடுவே நின்றபடி வறுவலைத் தின்னப் பழகிக்கொண்டேன். அங்கே எனக்கு முன்பே இரண்டு பேர் நின்றிருப்பார்கள்.

அவருக்கு இந்த எண்ணெய்ப் பகை சும்மா வந்ததில்லை. இருபத்து நாலு வயதில், வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம், அவருடைய அப்பா மதியம் சாப்பிட்டு எழுந்தவர், சுருண்டு விழுந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பருத்த உடம்பு. எண்ணெய்ப் பண்டம் என்றால் உயிர். "கொழுப்பு அடைச்சிருச்சு" என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஆனால் கொள்ளி வைக்க மொட்டையடித்து நின்ற மகனின் காதில் அது போய் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. அந்த வருஷமே கல்யாணம் ஆகி வந்த பெண், சீர்வரிசையில் வந்த வாணலியைப் பரணில் போட்டதோடு சரி. இருபத்தாறு வருஷமாக அவித்த காய், அவித்த கிழங்கு, அவித்த முட்டை. முட்டையிலும் மஞ்சள் கரு கிடையாது.

ஆனால் மனுஷன் எதையாவது ருசித்துத்தானே ஆகவேண்டும்? அந்த இடத்தில்தான் பழச்சாறு வந்து உட்கார்ந்தது.

காலையில் வீட்டில் திராட்சையும் ஆப்பிளும் அரைத்து, சக்கையை வடிகட்டிப் பிழிந்து எறிந்துவிட்டு, பெரிய டம்ளர் நிறைய. அதில் இரண்டு கரண்டி தேன். "சர்க்கரை விஷம் மேடம், தேன் மருந்து" என்று என்னிடம் விளக்கியிருக்கிறார். பதினொரு மணிக்கு அலுவலக வாசல் ஜூஸ் கடையில் பெரிய கிளாஸ் ஆரஞ்சு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இழுப்பறையிலிருந்து 'நூறு சதவீதம் பழம், சர்க்கரை சேர்க்கவில்லை' என்று அச்சடித்த பொட்டலம். நாலு மணிக்கு நாங்கள் டீ குடிக்கும்போது அவர் மட்டும் மாதுளைச் சாறு. டீயில் பால் இருக்கிறதாம், பாலில் கொழுப்பு இருக்கிறதாம். சாயங்காலம் பூங்காவில் இரண்டு சுற்று நடந்துவிட்டு, வியர்வையில் போன சத்தை மீட்க, விளையாட்டு வீரர்கள் குடிக்கும் நீலநிற பானம் அரை லிட்டர். இரண்டு சுற்றில் போன சத்து எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை.

ஜூஸ் கடைக்காரர் அவரை "டாக்டர் சார்" என்று கூப்பிடுவார். கடையில் புதிதாக வருபவர்களுக்கு எதிரில் அவரை நிறுத்தி, "சாரைப் பாருங்க, நம்ம ஜூஸ்தான்" என்பார். அவரும் கொஞ்சம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார். வயிறு அதற்கும் மசியாது. எண்ணெயே தொடாதவருக்கு இப்படி ஒரு தொப்பை ஏன் என்று கேட்டால், "பரம்பரை உடல்வாகு" என்று சொல்லிவிடுவார்.

சென்ற வருஷம் வாரியத்தில் ஊழியர் உடல்நல முகாம் நடந்தது. கூட்ட அறையில் மேஜைகளைத் தள்ளிப்போட்டு, ஒரு மூலையில் ரத்தம் எடுத்தார்கள். லேப் டெக்னீஷியன் நடுத்தர வயது அம்மாள். சிறிய சுழற்றும் இயந்திரம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். டிஷ்யூ சார் வரிசையில் முதல் ஆளாக நின்று, கையை நீட்டிக்கொண்டே எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். பரீட்சை முடிவு வரும் நாளில் நன்றாகப் படிக்கும் பையன் கடைசி பெஞ்சைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

அரை மணி நேரம் கழித்து அந்த அம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாகக் கூப்பிட்டால் எங்கள் பிரிவு மொத்தமும் பின்னாலேயே போகும்.

"சார், வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

"ஆமா. ஜூஸ் மட்டும் குடிச்சேன்."

"ஜூஸ் குடிச்சா வெறும் வயிறு எப்படி சார்?"

"அது சாப்பாடு இல்லையேம்மா. பழம்தானே?"

அந்த அம்மாள் இரண்டு கண்ணாடிக் குழாய்களைத் தூக்கிப் பிடித்தார். ஒன்று என்னுடையது. அடியில் சிவப்பு, மேலே தெளிந்த வெளிர்மஞ்சள் நீர். இன்னொன்றிலும் அடியில் சிவப்புதான். ஆனால் மேலே பாலைக் கொஞ்சம் கலக்கிவிட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது. அப்பால் இருந்த ஜன்னல் தெரியவில்லை.

"இது கலங்கலா இருக்கே" என்றார் டிஷ்யூ சார், தொழில் பழக்கத்தில்.

"ஆமா சார். ரத்தத்துல கொழுப்பு ரொம்ப மிதந்தா இப்படித்தான் இருக்கும். டிரைகிளிசரைடுன்னு சொல்வோம். இது உங்களோடது."

எங்கள் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் என் குழாயை ஒருமுறை பார்த்தார், தன் குழாயை ஒருமுறை பார்த்தார். பதிவேட்டு அறையில் நான் தின்ற வறுவலின் வாடை அந்த நேரம் பார்த்து என்மேல் வீசியதோ என்னவோ.

"மாத்தி ஒட்டிட்டீங்க. இவங்களோடதுல என் பேரு. தங்கள் புகார் பரிசீலிக்கப்படும்னு நீங்களும் சொல்லிடாதீங்க, இப்பவே மறுபடி எடுங்க" என்றார்.

"பன்னெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாம, தண்ணி மட்டும் குடிச்சிட்டு, நாளைக்கு லேபுக்கு வாங்க சார். அப்பதான் சரியா தெரியும்."

"தண்ணியா?" என்றார் அவர்.

முகாமில் எடுத்த அளவு எழுநூற்று எண்பது. மறுநாள் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்து கொடுத்ததில் அறுநூற்றுத் தொண்ணூறு. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது. என்னுடையது நூற்றிருபது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் அறிக்கையில் அவருக்கு ஒரு வரி பிடித்துப்போயிற்று. கெட்ட கொழுப்பு என்று எல்லாரும் பயப்படும் எல்.டி.எல். இருக்கும் இடத்தில் 'கணக்கிட இயலவில்லை' என்று இருந்தது. டிரைகிளிசரைடு நானூறைத் தாண்டினால் வழக்கமான சூத்திரத்தால் அதைக் கணக்குப் போட முடியாது, அதனால் அப்படி எழுதுவார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் அதைச் சுற்றறிக்கை மாதிரி மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் காட்டினார்.

"கணக்குலயே வராத அளவுக்குக் குறைச்சல் மேடம். எத்தனை வருஷ உழைப்பு!"

வாரியம் அனுப்பிய டாக்டருக்கு அன்று நூற்றுப் பத்துப் பேர். ஆளுக்கு இரண்டு நிமிஷம். அறிக்கையைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"குடிப்பீங்களா?"

"சார்! வாழ்க்கையில தொட்டதில்ல."

"குடியை விடணும். கொழுப்பைக் குறைக்கணும். சர்க்கரையும் எல்லையில நிக்குது, அதையும் பார்க்கணும். இந்த மாத்திரையைத் தினம் ஒண்ணு போடுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க. அடுத்து யாரு?"

தொடாத குடியை விடச் சொன்னதில் மனிதர் கூனிக் குறுகிப்போனார். மாத்திரைச் சீட்டை நாலாக மடித்து இழுப்பறையில் பழச்சாற்றுப் பொட்டலங்களுக்கு அடியில் போட்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். கொழுப்பைக் குறை.

எங்கே குறைப்பது? எண்ணெய் ஏற்கெனவே இல்லை. மஞ்சள் கரு இல்லை. பால் இல்லை. ரொம்ப யோசித்து, ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். அதற்குப் பதில் பழச்சாறு. 'கல்லீரலைக் கழுவும் இருபத்தொரு நாள் சாறு முறை' என்று செல்போனில் யாரோ ஒருவர் பேசியதைப் பார்த்து, காலை டம்ளரையும் இரண்டாக்கினார். இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ எடை குறைந்தது. இடுப்புப் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டு, அதையும் மேஜை மேஜையாகக் காட்டினார். நாங்களும் கைதட்டினோம். ஜூஸ் கடைக்காரர் ஒரு கிளாஸ் கூடவே ஊற்றிக் கொடுத்தார்.

பத்தொன்பதாம் நாள் காலை பதினொன்றரை மணி. கீழண்டைத் தெருவில் குழாய் நீர் பால் மாதிரி வருகிறது என்று ஒரு புகார். அதை எனக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் பாதி வரியில் நின்றார். இரண்டு கையையும் மேல்வயிற்றில் அழுத்திக்கொண்டு மேஜைமேல் குனிந்தார்.

"என்ன சார்?"

"வயிறு... முதுகு வரைக்கும் குத்துது மேடம்."

நிமிர்ந்தால் வலி கூடியது. குனிந்தே இருந்தார். வாந்தி எடுத்தார். முகமெல்லாம் முத்து முத்தாக வியர்வை. வாரியத்தின் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணெய் எதுவும் தொடலை மேடம், சத்தியமா தொடலை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். போலீஸ் பிடித்த ஆள் மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கணையம் வீங்கியிருந்தது. டிரைகிளிசரைடு ஆயிரத்து எண்ணூற்று அறுபது. ஆயிரத்தைத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்து என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். அந்த டாக்டரம்மா முகாம் டாக்டரைப் போல அடுத்த ஆளுக்குப் பறக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, ரத்தக் குழாய் வழியாகத்தான் நீர், வலிக்கு ஊசி, சர்க்கரையும் ஏறியிருப்பதால் இன்சுலின் என்று டிஷ்யூ சாரின் மனைவியிடம் வரி வரியாகச் சொன்னார். பிறகு கட்டிலைப் பார்த்துத் திரும்பினார்.

"வீட்டுல யாருக்காவது இப்படி ரத்தத்துல கொழுப்பு இருந்துச்சா? அப்பா, அம்மா?"

"அப்பா மாரடைப்புல போயிட்டார்" என்றார் டிஷ்யூ சார்.

"நெஞ்சுவலியா?"



"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா அவரு கையை இங்கதான் வச்சிருந்தார்." வலியோடு தன் மேல்வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "வாந்தி எடுத்தார். குனிஞ்சே இருந்தார். நான்தான் நிமிர்ந்து படுங்கப்பா, படுங்கப்பான்னு..."

டாக்டர் சீட்டில் எதையோ குறித்துக்கொண்டார். "இப்ப அதை உறுதியா சொல்ல முடியாது சார். இது சில குடும்பத்துல வர்றதுதான். அந்த வாகு உடம்புல இருந்தா, மேல இருந்து தள்ளிவிட ஏதாவது ஒண்ணு போதும். அது என்னன்னு கண்டுபிடிக்கணும். குடிப்பழக்கம் இல்லைன்னு சொல்றீங்க. அப்ப வேற என்ன?"

வேறு என்ன என்பதை நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் கண்டுபிடித்துக் கொடுத்தோம்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போவது எப்படி? பொறியாளர் இரண்டு லிட்டர் கலப்புப் பழச்சாறு. காசாளர் திராட்சைச் சாறு. பதிவேட்டு அறை நண்பர்கள் இருவரும் சேர்ந்து குளுக்கோஸ் பொடி டப்பா அரை டஜன். நான் மூன்று பொட்டலம் ஆரஞ்சு, 'நார்ச்சத்து நீக்கப்பட்டது' என்று பெருமையாகப் போட்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஜூஸ் கடைக்காரர் கடையை மூடிவிட்டு, கண் கலங்க, பெரிய பிளாஸ்க்கோடு வந்தார். "டாக்டர் சாருக்கு இப்படி ஆகலாமா? என் கையால மாதுளை, ஐஸ் போடலை" என்றார். கட்டிலருகே இருந்த சின்ன மேஜை நிரம்பி, ஜன்னல் திட்டு நிரம்பி, கட்டிலுக்கு அடியிலும் அடுக்க வேண்டி வந்தது.

நாங்கள் போனது மூன்றாம் நாள். வலி அடங்கியிருந்தது. வாயில் எதுவும் போகாமலேயே டிரைகிளிசரைடு நானூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்ததும், அவர் மனைவி ஆசையாக ஒரு பொட்டலத்தை வெட்டி டம்ளரில் ஊற்றினார். அந்த நேரம் சிஸ்டர் உள்ளே வந்தார். ஜன்னல் திட்டைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் யாரு குடிக்கிறது?"

"இவருதான். இன்னும் தெம்பு வரல பாருங்க" என்றார் மனைவி.

சிஸ்டர் அந்த டம்ளரை மனைவி கையிலிருந்து வாங்கித் தனியாக வைத்துவிட்டு, உணவு ஆலோசகரைக் கூட்டிவந்தார். வந்தவர் முப்பது வயதுப் பெண். கையில் நோட்டு. எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தோம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"காலையில எழுந்ததிலிருந்து சொல்லுங்க சார். சாப்பிடுறது அப்புறம். குடிக்கிறதை மட்டும்."

"குடிப்பழக்கமே இல்லைம்மா எனக்கு! எத்தனை தடவை சொல்றது?"

"தண்ணி, டீ, ஜூஸ் எல்லாம் குடிக்கிறதுதானே சார்?"

அவர் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, நீல பானத்தில் வந்து முடித்து, பேனாவால் கூட்டினார்.

"வழக்கமான நாள்ல சுமார் ஒன்றரை லிட்டர் சார். அதுல சர்க்கரை மட்டும் ஏறக்குறைய நூத்து எழுபது கிராம். டீஸ்பூன் கணக்குல முப்பத்து நாலு. இந்த மூணு வாரம் அதுக்கும் மேல."

"நான் சர்க்கரையே போடுறதில்லையே!"

"பழத்துலயே இருக்கே. தேன்லயும் இருக்கு. யாரும் சேர்க்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

"பழத்துல எண்ணெய் இல்ல. கொழுப்பு இல்ல. அப்புறம் எப்படிம்மா ரத்தத்துல கொழுப்பு வரும்?" அவர் குரலில் புகார்க் கடிதம் எழுதும் ஊராரின் ஆத்திரம்.

"நீங்க கொழுப்பு சாப்பிட்டாத்தான் கல்லீரல் கொழுப்பை அனுப்பும்னு இல்ல சார், அதுவே செஞ்சுக்கும். இந்தச் சர்க்கரையில கிட்டத்தட்ட பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸா இருந்தா உடம்பு முழுக்கப் பங்கு போட்டுச் செலவு பண்ணும். ஃபிரக்டோஸ்ல பெரும்பகுதி கல்லீரல் தலையிலதான் விழும். அங்க 'போதும்'னு நிறுத்துறதுக்கு ஆள் கிடையாது, வந்ததெல்லாம் உள்ள போயிடும். தேவைக்கு மேல போறதுல ஒரு பகுதியை அது கொழுப்பா மாத்தி, பொட்டலம் கட்டி ரத்தத்துல விட்டுடும். அந்தப் பொட்டலத்துக்குள்ள இருக்குறதுதான் டிரைகிளிசரைடு. நீங்க பார்த்தீங்களே, அந்தக் கலங்கல்."

காசாளர் தன் திராட்சைப் பொட்டலத்தைக் காலால் கட்டிலுக்கு இன்னும் உள்ளே தள்ளினார்.

"அப்ப பழமே சாப்பிடக் கூடாதா?"

"முழுசா, அளவா சாப்பிடுங்க. ஒரு ஆரஞ்சை உரிச்சு, மென்னு, முழுங்கிப் பாருங்க. நாலாவது ஆரஞ்சுக்கு உங்களுக்கே வாய் வலிக்கும். அதையே பிழிஞ்சு கிளாஸ்ல ஊத்தினா நாலும் ஒரே மூச்சுல போயிடும், வயித்துக்கு சேதியே போகாது. சக்கையை எங்க போடுறீங்க?"

"குப்பையில."

"அந்த நார்தான் சார் வேகத்தைக் குறைக்கிறது. அதைக் குப்பையில போட்டுட்டு மிச்சத்தைக் குடிச்சிருக்கீங்க."

அதுவரை பேசாமல் சுவரோரம் நின்ற மனைவி முன்னால் வந்தார். அந்த அம்மாளை நான் பல வருஷமாகப் பார்க்கிறேன். அதிர்ந்து பேசி அறியாதவர். அன்று அந்த ஆலோசகரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏம்மா, வீட்டுல ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தாளிச்சிருந்தா இவருக்கு இவ்வளவு கெடுதல் வந்திருக்குமா?"

"இப்போதைக்குக் கொஞ்ச நாள் கொழுப்பும் ரொம்பக் குறைவாத்தான் இருக்கணும்மா, கணையம் ஆறுற வரைக்கும். ஆனா நீங்க கேட்டதுக்குப் பதில், ஒரு கரண்டி எண்ணெயால இந்த ஆயிரத்து எண்ணூறு வந்திருக்காது."

மனைவி கணவன் பக்கம் திரும்பினார்.

"இருபத்தாறு வருஷம்" என்றார். "என்னங்க, இருபத்தாறு வருஷம் என்னை அவிச்ச காய் தின்ன வச்சீங்களே. என் நாக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நம்ம பொண்ணு வேலைக்குன்னு வெளியூர் போன அன்னைக்கு, அழுவான்னு பார்த்தேன். அவ நேரா வறுவல் கடைக்குத்தான் போயிருக்கா."

டிஷ்யூ சார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். நாங்கள் ஒவ்வொருவராக, வந்த வேலை முடிந்தது போல, நழுவினோம். ஜூஸ் கடைக்காரர் மட்டும் பிளாஸ்க்கை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் வாசலில் நின்றார். கடைசியில் எடுத்துக்கொண்டு போய், மாடிப்படியில் உட்கார்ந்து தானே குடித்துவிட்டார். பாதியில் என்ன தோன்றியதோ, மூடிவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மேடம், எனக்கும் அந்த டெஸ்ட் எடுக்கலாமா?"

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். கன்னம் ஒட்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது. எண்ணெய்க்கு எதிராக இருபத்தாறு வருஷம் பிடித்த கொடியை இனி சர்க்கரைக்கு எதிராகப் பிடிப்பாரோ, டீ கிளாஸுக்குள் எதையாவது முக்கிக் காட்டுவாரோ என்று. முதல் வாரம் அப்படித்தான் ஆரம்பித்தது. காசாளர் குடித்த குளிர்பான பாட்டிலைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைச் சத்தமாக வாசித்தார். "முப்பத்தஞ்சு கிராம். ஏழு டீஸ்பூன். கல்லீரல்ல நேரா போய்..." என்று தொடங்கினார். காசாளர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "சார், நீங்க இதுக்கு முன்னால எங்களுக்குச் சொன்னதெல்லாம் சரியா?" என்று கேட்டார். கிண்டலாகக் கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அன்று மத்தியானம் முழுக்க ஒரு கடிதமும் எழுதவில்லை. மறுநாளிலிருந்து யார் சாப்பாட்டையும் எட்டிப் பார்ப்பதில்லை. பதிவேட்டு அறையில் இப்போது கோப்புகள் மட்டும்தான் இருக்கின்றன. கதவைத் திறந்துவைத்துத் தின்றால் வறுவலுக்கு அந்தப் பழைய ருசி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாத்திரையைத் தினமும் போடுகிறார். பதினொரு மணிக்கு இழுப்பறையிலிருந்து ஒரே ஒரு ஆரஞ்சை எடுத்து, கோப்பின்மேல் காகிதம் விரித்து, உரித்து, சுளை சுளையாக மெல்லுகிறார். கால்மணி நேரம் ஆகிறது. பழைய வேகத்தில் குடித்தவருக்கு அது சித்திரவதை என்று முகத்தைப் பார்த்தால் தெரியும். குடிப்பது எங்கள் வாரியத்தின் தண்ணீர்தான். முதல்நாள் அதை வாயில் வைத்துவிட்டு, இரண்டு பழைய புகார்க் கடிதங்களை அடுக்கிலிருந்து உருவி எடுத்து, பதிலை மாற்றி எழுதினார்.

ஐந்து மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடு இருநூற்று நாற்பது. எல்.டி.எல். கணக்கில் வந்துவிட்டது. நூற்று நாற்பத்தெட்டு. எப்போதும் அங்கேயே இருந்திருக்கிறது போலிருக்கிறது, அவர் கண்ணுக்குத்தான் படவில்லை. அறிக்கையை மேஜை மேஜையாகக் கொண்டுவரவில்லை. நான்தான் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

"நல்லாத்தானே சார் குறைஞ்சிருக்கு?"

"நூத்தைம்பதுக்குள்ள வரணும் மேடம். வராதோ என்னமோ. அப்பாவோட உடம்பு."

பிறகு என்னவோ சொல்ல வந்து தயங்கினார். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து ஞாயித்துக்கிழமை. வீட்டுக்காரம்மா பரண்ல ஏறினாங்க. வாணலியை இறக்கி, தேய்ச்சு, உருளைக்கிழங்கு வறுத்தாங்க. அவங்களுக்கு மட்டும். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? எதிர்ல உக்காந்து என் காயைச் சாப்பிட்டேன். அவங்க கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிட்டாங்க மேடம். கல்யாணமான நாள்லேருந்து அந்த முகத்தை நான் பார்த்ததே இல்ல. எப்படி இருக்குன்னு கேட்டேன். உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுன்னு சொன்னாங்க. சொல்லிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கிட்டாங்க."